"கடையில் போக முடியாது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்": மலத்தை அடக்கி வைக்கும் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விளக்குத்தூண், மாசி வீதிகள் பக்கம் ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் நாள் முழுக்க நிற்கிற பெண்கள், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ் பிடித்து மதுரைக்கு வேலைக்கு வருகிறவர்கள், இவர்கள்தான் இதையெல்லாம் என்னிடம் கேட்டார்கள். நான் அறுவைச் சிகிச்சை வெளிநோயாளர் பிரிவில் பல வருடம் நர்ஸாக இருந்தவள். டாக்டர் ஆண் என்றால் அவர்கள் உள்ளே போய் "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார்கள், மீதியை வெளியே வந்து என் காதில் சொல்வார்கள். அப்படிச் சொன்னதில் திரும்பத் திரும்ப வந்தவை இவை.

காலையில் பதினோரு மணிக்கு டீ குடித்ததும் முட்டிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினால் பத்து நிமிஷத்தில் போய்விடுகிறது. ஆனால் ராத்திரி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் வரவே மாட்டேன் என்கிறது. அது எங்கேதான் போகிறது அக்கா?

எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது. போனது அந்த உணர்வு மட்டும்.

பெருங்குடல் நாள் முழுக்க ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. தூங்கி எழுந்ததும், எதையாவது சாப்பிட்டதும் அது பலமாக ஒரு தள்ளு தள்ளும். அந்தத் தள்ளில் மலம் கடைசிப் பகுதியான மலக்குடலுக்கு இறங்கி வருகிறது. மலக்குடலின் சுவர் விரிந்ததும் உள்பக்கச் சுருக்குத்தசை தானாகவே தளர்ந்துவிடும், அது நம் சொல்லைக் கேட்காது. வெளிப்பக்கச் சுருக்குத்தசை மட்டும்தான் நம் கையில். நீங்கள் பல்லைக் கடிக்கிற நேரத்தில் இறுக்கிப் பிடிப்பது அதைத்தான். கொஞ்ச நேரம் பிடித்து வைத்தால் மலக்குடல் "சரி, இப்போது இல்லை போலிருக்கிறது" என்று தன்னைத் தளர்த்தி இடம் கொடுத்துவிடும், கொஞ்சம் மலம் மேலே பின்வாங்கவும் செய்யும். முட்டுவது நின்றுவிடும்.

பெருங்குடலுக்கு இன்னொரு வேலை உண்டு, தண்ணீரை உறிஞ்சுவது. உள்ளே நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலை 11 மணிக்கு வாழைப்பழம் மாதிரி வழுவழுவென்று வந்திருக்க வேண்டியது ராத்திரி 10 மணிக்குள் காய்ந்துவிடுகிறது. அது போக, அந்த நேரத்தில் பெரிய தள்ளு எதுவும் வருவதில்லை, குடலும் ஓய்வுக்குப் போகிற நேரம் அது. அதனால்தான் வீட்டில் கழிப்பறை சுத்தமாக இருந்தும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தும், உட்கார்ந்தால் ஒன்றும் நடப்பதில்லை.

என்றைக்காவது ஒரு நாள் அடக்குவது எல்லாருக்கும் நடப்பதுதானே? அதனால் என்ன ஆகிவிடப்போகிறது?

ஒரு நாள் அடக்கினால் ஒன்றும் ஆகாது. கல்யாண வீட்டில், பஸ் பயணத்தில் எல்லாரும் அடக்கியவர்கள்தான். வாரத்துக்கு மூன்று தடவை போகிறவரும் சரி, ஒரு நாளைக்கு மூன்று தடவை போகிறவரும் சரி, சிரமமில்லாமல் போனால் அது இயல்புதான். நான் சொல்வது வாரத்தில் ஆறு நாள், வருடக்கணக்காக அடக்குவதைப் பற்றி.

1990இல் மலச்சிக்கல் எதுவும் இல்லாத 12 வாலிபர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வாரம் முடிந்தமட்டும் அடக்குங்கள் என்று சொன்னதற்கே போகிற எண்ணிக்கை குறைந்தது, உணவு குடலைக் கடக்கும் நேரமும் நீண்டது. அதாவது அடக்கினால் கீழே மட்டும் தேங்குவதில்லை, மேலே இருக்கிற குடலும் மெதுவாகிவிடுகிறது. ஆரோக்கியமான ஆண்களுக்கு ஒரு வாரத்தில் இப்படி என்றால், பத்து வருடமாக ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நாளாக நாளாக இரண்டு விஷயம் நடக்கும். மலக்குடல் விரிந்து விரிந்து பழகி, கொஞ்சம் வந்தால் சொல்லாது, நிறையச் சேர்ந்த பிறகுதான் சொல்லும். "எனக்கு இப்போதெல்லாம் வெளிக்கு வருகிற உணர்வே இல்லை" என்று பெருமையாகச் சொன்னவர்கள்கூட உண்டு. மற்றது, வருடக்கணக்காக இறுக்கியே பழகின தசைக்குத் தளர்த்துவது மறந்துபோகிறது. வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து முக்குகிற நேரத்திலும் அது இறுகும். கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து தள்ளுகிற கதைதான். வாசலிலேயே நிற்கிறது, வெளியே வரவில்லை, விரல் வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மருந்து மட்டும் போதாது, தசைக்குத் திரும்பப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபி உண்டு, அதனால் பலருக்குச் சரியாகிறது.

போகும்போது கண்ணாடித் துண்டு கிழித்த மாதிரி வலி, கடைசியில் சிவப்பாக ரெண்டு சொட்டு ரத்தம். மூலம்தானே?

பெரும்பாலும் இல்லை. நம் ஊரில் ஆசனவாயில் எது வந்தாலும் பேர் மூலம்தான். நீங்கள் சொல்கிற வலி ஆசனவாய் வெடிப்பு. காய்ந்து பருத்த மலம் வெளியே வருகிறபோது அந்த மெல்லிய தோல் கிழிகிறது, அதுவும் பெரும்பாலும் முதுகுப் பக்கமாக, நட்ட நடுவில். போகும்போது கிழிக்கிற வலி, போய் முடிந்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் எரிச்சலும் பிடித்து இழுப்பதும், இதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். உள்மூலத்தில் ரத்தம் நிறையவே போகலாம், ஆனால் சாதாரணமாக வலி இருக்காது.

ஒருத்தர் கதையைச் சொல்கிறேன். வயது முப்பதைத் தாண்டியவர், திருமங்கலம் பக்கம் கிராமம், மதுரையில் துணிக்கடையில் சேலைப் பிரிவு. கடையில் கழிப்பறை மூன்றாவது மாடியில், குடோனுக்குப் பின்னால். ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றுதான். உள்தாழ்ப்பாள் உடைந்து பல நாள் ஆகிறது, தண்ணீர் கீழேயிருந்து வாளியில் தூக்க வேண்டும், வாளியோடு படியேறினால் எதற்குப் போகிறாள் என்று கடைக்கே தெரியும். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். காலையில் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால்தானே வரும். தண்ணீரும் பேருக்கு ரெண்டு மடக்கு. மதியம் இரண்டரை மணிக்குத்தான் முதல் சோறு, சாப்பிட்டதும் முட்டும், அடக்குவார், ராத்திரி பத்து மணிக்கு வீடு.

மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை, ஆட்டுப்புழுக்கை மாதிரி. ஒரு நாள் கிழிந்தது. அதிலிருந்து இன்னொரு வட்டம் ஆரம்பித்தது. வலிக்குப் பயந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போதும் அடக்க ஆரம்பித்தார். வலியால் உள்சுருக்குத்தசை இறுகும், இறுகினால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையும், குறைந்தால் புண் ஆறாது, அடுத்த முறை இன்னும் கெட்டியாக வந்து அதே இடத்தில் கிழிக்கும்.

"மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில்" என்று போர்டு வைத்திருந்த ஓர் இடத்துக்குப் போனார். என்ன ஊசி என்று அவருக்கும் தெரியாது, எழுதியும் கொடுக்கவில்லை. ஒரு வாரம் உட்கார முடியாமல் இருந்துவிட்டு எங்களிடம் வந்தார். டாக்டர் விரல் போட்டுப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் படுக்க வைத்து, தோலைப் பிரித்துப் பார்த்ததிலேயே வெடிப்பு தெரிந்தது. (அவ்வளவு வலியில் இருக்கிறவருக்கு முதல் நாளே விரல் பரிசோதனை தேவையில்லை. நீங்களும் "வலிக்கிறது, இப்போது வேண்டாம்" என்று சொல்லலாம்.)

கொடுத்தது மூன்றுதான். மலத்தை இளக்க ராத்திரி லாக்டுலோஸ் சிரப். பொறுக்கிற சூட்டில் வெந்நீர் நிரப்பின டப்பில் 10 முதல் 15 நிமிஷம் உட்காருவது, போய்விட்டு வந்ததும் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை. உள்சுருக்குத்தசையைத் தளர்த்துகிற டில்டியாசெம் களிம்பு, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு. அவர் இரண்டாவது வாரம் வலி குறைந்ததும் களிம்பை நிறுத்திவிட்டார், மூன்றாவது வாரம் திரும்பக் கிழிந்தது. இதை அநேகமாக எல்லாரும் செய்வார்கள். வலி போவது வேறு, புண் ஆறுவது வேறு. மறுபடி ஆரம்பித்து முழுதாகப் போட்டார், ஆறிவிட்டது. இவ்வளவுக்கும் ஆறாமல் இருந்தால் சின்ன அறுவைச் சிகிச்சை உண்டு, அதை அறுவைச் சிகிச்சை நிபுணர் சொல்ல வேண்டும், போர்டு சொல்லக் கூடாது.

வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே வீட்டில் வந்துவிட வேண்டும். அதற்கு என்ன செய்வது?

அந்தச் சேலைப் பிரிவு அம்மாவுக்குக் களிம்பைவிட முக்கியமாக இருந்தது இதுதான்.

பெரிய தள்ளு எழுந்ததும் வரும், சாப்பிட்டதும் வரும் என்று சொன்னேன் இல்லையா. இரண்டும் சேர்கிற இடம் வீட்டில் அமைய வேண்டும். அவர் ஐந்தரைக்கு எழுகிறவர், ஏழே முக்காலுக்குப் பஸ். முன்பு அந்த நேரம் முழுக்க அடுப்படியில் நின்று சமைத்து, டப்பாவில் போட்டு, பிள்ளைகளைக் கிளப்பி, வெறும் வயிற்றோடு ஓடினார். மாற்றியது இவ்வளவுதான்: எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், டீ, ஆறே காலுக்குள் இரண்டு இட்லியோ பழைய சோறோ. பிறகு இருபது நிமிஷம் கழித்து, வந்தாலும் வராவிட்டாலும், கழிப்பறையில் ஐந்து முதல் பத்து நிமிஷம். முக்கக் கூடாது, போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வராவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டாக இருந்தால் காலுக்கு அரை அடி உயரத்தில் ஒரு பலகை. குந்தி உட்காருகிற நம் ஊர்க் கழிப்பறை என்றால் அது தேவையில்லை, குந்தும்போதே மலக்குடலின் வளைவு நேராகிறது.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் இட்லி சாப்பிட்டு முடித்ததும் தானாகவே கூப்பிட ஆரம்பித்தது. காலையில் போய்விட்டதால் மதியம் முட்டுவதும் குறைந்தது.

சொல்ல எளிது. அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்குக் குக்கரை யார் பார்ப்பது என்பதில்தான் நிறையப் பேர் தோற்றார்கள். அவர் வீட்டில் வீட்டுக்காரர் பார்த்தார். "டாக்டரே எழுதிக் கொடுத்தார்" என்று சீட்டைக் காட்டின பிறகு.

தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கும் வருமே. அதனால் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். தப்பா?

தப்புதான். மதுரை வெயிலில் எட்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் நின்றால் உடம்பு தனக்கு வேண்டிய தண்ணீரை மலத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். மூத்திரம் மஞ்சளாகக் குறைந்து போகும். அது போக, நிரம்பின மலக்குடல் முன்னால் இருக்கிற மூத்திரப்பையை அழுத்தும். பை முழுதாகக் காலியாகாமல் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அதில் கிருமி வளரும். வருடத்தில் மூன்று நான்கு தடவை நீர்க்கடுப்பு என்று வருகிற பெண்களிடம் "வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா" என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

இசப்கோல் போடலாமா? மெடிக்கலில் ஒரு மாத்திரை தருகிறார்கள், அதைத் தினமும் போடலாமா?

இசப்கோல் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை மெத்தென்று ஆக்குகிறது. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, அன்றைக்கு முழுக்கத் தண்ணீரும் குடிக்கிறவருக்குத்தான் அது மருந்து. தண்ணீர் குடிக்காதவர் போட்டால் உள்ளே களிமண்ணாக நிற்கும். ஏற்கெனவே கெட்டியாக அடைத்து நிற்கிறவரும் முதலில் அடைப்பை எடுத்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும்.

மெடிக்கலில் தருகிற சின்ன மாத்திரை பெரும்பாலும் பிசாகோடைல், குடலைத் தூண்டி இயக்குவது. வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பதரைக்குப் போட்டால் காலையில் வீட்டில் வரும். காலையில் போட்டுவிட்டுப் பஸ் ஏறினவர் ஒருவர் மதியம் பட்டுச்சேலைக் கவுண்டரில் பட்ட பாட்டை இங்கே எழுத மாட்டேன். எப்போதாவது ஒரு நாள் போடலாம், தினமும் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு. கர்ப்பமாக இருப்பவர்கள் எதையும் கேட்காமல் போடக் கூடாது.

நாலு நாளாக ஒழுங்காகப் போகவில்லை, ஆனால் தண்ணியாக ஒழுகி உள்ளாடையில் படுகிறது. பேதி நிற்க மாத்திரை போடட்டுமா?

போடாதீர்கள். இது பேதி இல்லை. கல் மாதிரி ஓர் உருண்டை மலக்குடலை அடைத்து நிற்கிறது, மேலேயிருந்து வருகிற தண்ணீரான மலம் அதன் ஓரமாக வழிகிறது. பேதி மாத்திரை போட்டால் அடைப்பு இன்னும் இறுகும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியிலோ பக்கத்து அரசு மருத்துவமனையிலோ எனிமா கொடுத்தோ விரலால் எடுத்தோ அன்றைக்கே சரிசெய்வார்கள். அவர்களுக்கு இது தினசரி வேலை.

எதைப் பார்த்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்?

வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், வாந்தியும் வந்தால் உடனே, அன்று இரவே. ஆசனவாய்ப் பக்கம் வீங்கி விண்ணென்று தெறித்து காய்ச்சலும் வந்தால் அது சீழ், அதுவும் காத்திருக்கக் கூடாது. ரத்தம் கறுப்பாக அல்லது மலத்தோடு கலந்து வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ரத்தசோகை என்று சொன்னால், நாற்பது வயதுக்கு மேல் போகிற பழக்கம் திடீரென்று மாறினால், அதை அடக்கினதன் தலையில் கட்டாமல் பரிசோதித்துவிட வேண்டும். பல வருடமாக அடக்குகிறவர்களுக்கு இதுதான் ஆபத்து, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும்.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் உட்காரவே அருவருப்பு. வியாதி ஒட்டிக்கொள்ளாதா?

தொடைத் தோலின் வழியாக வியாதி ஏறுவது மிகவும் அரிது. வருவது கை வழியாக. தாழ்ப்பாள், குழாய், வாளிப் பிடி, அப்புறம் அதே கையோடு முறுக்கு. அதனால் பையில் வைக்க வேண்டியது சோப்பு.

வெஸ்டர்ன் இருக்கையில் படாமல் பாதி எழுந்த மாதிரி நின்றுகொண்டு போகிறவர்கள் நிறைய. அப்படி நிற்கும்போது தொடையும் இடுப்புத்தளத் தசையும் இறுகியே இருக்கும், மலம் முழுதாக இறங்காது, வந்தது பாதி, நின்றது பாதி. பேப்பரோ துண்டோ விரித்து உட்காருங்கள். குந்துகிற மாதிரி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், எதையும் தொட வேண்டியதில்லை. தாழ்ப்பாள் இல்லாவிட்டால் கூட ஒருத்தரை வாசலில் நிறுத்துங்கள். சத்தம் கேட்குமே என்று அடக்குகிறவர்களும் உண்டு, குழாய் இருந்தால் திறந்துவிட்டால் போதும்.

முதலாளியிடம் இதைப் போய் எப்படிக் கேட்பது?

தனியாகப் போகாதீர்கள். "கக்கூஸ் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் "பார்க்கலாம்" என்று பதில் வரும். என்ன வேண்டும் என்று எண்ணிச் சொல்லுங்கள்: உள்தாழ்ப்பாள், லைட், குழாய்த் தண்ணீர், மூடி போட்ட குப்பைத்தொட்டி, பெண்களுக்குத் தனி அறை, சாவி மேஸ்திரியிடம் இல்லாமல் மாட்டி வைப்பது. கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தொழிற்சாலைகளுக்கோ ஆண், பெண்ணுக்குத் தனித்தனியாக, மறைப்பும் வெளிச்சமும் உள்ள கழிப்பறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. கேட்டும் நடக்காவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் சொல்லலாம். கதவில் ஓட்டை, எட்டிப் பார்ப்பது, கேமரா என்றால் அது சுத்தம் பற்றின புகார் இல்லை, 181க்கும் போலீசுக்கும் போக வேண்டியது.

நான் கதை சொன்ன அம்மாவும் கூட வேலை பார்த்த ஆறு பேரும் முதலாளியிடம் போகவில்லை, கடைக்கு வாரம் ஒருமுறை வருகிற அவர் வீட்டு அம்மாவிடம் போனார்கள். அந்த அம்மாவை முதலில் மூன்றாவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து காட்டிவிட்டார்கள், பேசவே வேண்டியிருக்கவில்லை. தாழ்ப்பாள் மறுநாளே வந்தது. மேலே குழாய் இழுக்க ஒரு மாசம் ஆயிற்று. தனி அறை இன்னும் வரவில்லை, காலை பத்தரை முதல் பதினொன்றரை வரைக்கும் ஆண்கள் மாடிக்குப் போகக் கூடாது என்று ஓர் ஏற்பாடு மட்டும் இருக்கிறது.